அந்தப் பத்து யார் கணக்கில்?

1982 மார்ச் 30 அன்று அர்ஜென்டினாவின் தலைநகரான புவேனோஸ் ஐரிஸில் தொழிற்சங்கங்கள் ஊர்வலம் போயின. அவர்கள் கேட்டது ரொட்டி, அமைதி, வேலை. ராணுவ ஆட்சியின் காவலர்கள் அவர்களை அடித்துக் கலைத்தார்கள், கூட்டம் கூட்டமாகக் கைது செய்தார்கள். மூன்றே நாளில், ஏப்ரல் 2 அன்று, அதே ஆட்சி தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்துத் தீவுகளில் படையை இறக்கியது. அர்ஜென்டினர்களுக்கு அவை மால்வினாஸ் தீவுகள். செய்தி வந்ததும் ஆட்சியாளரின் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கம் மக்களால் நிரம்பி வழிந்தது. இந்த முறை காவலர்கள் யாரையும் அடிக்கவில்லை.

அந்தச் சதுக்கத்தை ஏற்கெனவே சில பெண்கள் தங்களுடையதாக்கி வைத்திருந்தார்கள். ஆட்சி கடத்திக்கொண்டுபோய்த் திருப்பித் தராத பிள்ளைகளைக் கேட்டு, 1977 ஏப்ரல் 30இலிருந்து, தலையில் வெள்ளைத் துணி கட்டி அங்கே வட்டமாக நடந்துவந்த தாய்மார்கள் அவர்கள். போர் நாட்களில் அவர்கள் ஏந்திய பதாகை சொன்னது இது: மால்வினாஸ் அர்ஜென்டினாவுடையது; காணாமல் போனவர்களும் அர்ஜென்டினாவுடையவர்களே.

நாடு முழுவதும் ஒரே குரலில் பேசுவதாகச் சொல்லப்பட்ட நேரத்தில், தங்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது என்று அந்தப் பதாகை சொன்னது. போர் பற்றிய மிகச் செல்வாக்கான கோட்பாடுகளில் ஒன்றை இந்தப் பதாகையின் பக்கத்தில் வைத்து வாசிக்க விரும்புகிறேன். சர்வதேச உறவுகள் என்ற துறையில் அதற்குப் போரின் பேர மாதிரி என்று பெயர். பெண்ணியவாதிகள் அதை ஆண்களின் கணக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒதுக்குவது எளிது, ஆனால் இழப்பு நமக்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கைக் கடைசி வரி வரை போட்டுப் பார்த்தால், தாய்மார்கள் எழுதிய வரியில்தான் அது வந்து நிற்கிறது.

கோட்பாட்டின் தொடக்கம் ஓர் எளிய புதிர். 1995இல் ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று அதைத் தெளிவாக முன்வைத்தது. போரில் இரண்டு தரப்பும் இழக்கின்றன. வென்றவருக்கும் பிணம் உண்டு, கடன் உண்டு. அப்படியானால், போருக்குப் பிறகு எந்த நிலையில் வந்து நிற்கப்போகிறார்களோ அதே நிலையைப் போருக்கு முன்பே பேசி முடித்துக்கொண்டால் இருவருக்கும் லாபம். பிறகு ஏன் பேசி முடிப்பதில்லை? பேராசை, வெறுப்பு, பழைய பகை என்று சொன்னால் போதாது. வெறுப்பவர்களும் தங்களுக்கு எது மலிவு என்று பார்க்கத்தான் செய்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கில் இதைப் பார்த்துவிடலாம். இரண்டு நாடுகள் ஒரு நிலத்துக்குச் சண்டை போடுகின்றன. நிலத்தின் மதிப்பு நூறு என்று வைத்துக்கொள்வோம். போர் வந்தால் முதல் நாடு வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது, இரண்டாவது நாடு வெல்லும் வாய்ப்பு முப்பது. போரிடும் செலவு ஒவ்வொருவருக்கும் பத்து. முதல் நாடு போரிலிருந்து சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது எழுபதில் பத்து போக அறுபது. இரண்டாவது நாடு எதிர்பார்க்கக்கூடியது முப்பதில் பத்து போக இருபது. ஆகவே பேச்சுவார்த்தையில் முதல் நாட்டுக்கு அறுபதுக்கு மேல் எது கிடைத்தாலும் அதற்குப் போரைவிட அது மேல். இரண்டாவது நாடு தனக்கு இருபது மிஞ்சும்வரை, அதாவது முதல் நாட்டுக்கு எண்பது வரை விட்டுக்கொடுக்கலாம். அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் எந்தப் பங்கீடும் இருவருக்கும் போரைவிட நல்லது. இந்த இடைவெளியின் அகலம் இருபது. அது இரண்டு நாடுகளின் செலவையும் கூட்டினால் வரும் தொகைதான். போர் நாசமானது என்பதுதான் பேசித் தீர்ப்பதற்கான இடத்தையே உண்டாக்குகிறது.

இடம் இருந்தும் ஏன் போர்? ஃபியரன் மூன்று பதில்கள் தந்தார். முதலாவது, மறைத்து வைக்கப்படும் தகவல். தன் உண்மையான பலமும் உறுதியும் தனக்குத்தான் தெரியும்; பேரத்தில் கூடுதலாகக் கறக்க வேண்டும் என்பதால் அதை மிகைப்படுத்திக் காட்ட எல்லோருக்கும் காரணம் உண்டு; எனவே ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதில்லை. இரண்டாவது, வாக்குறுதிச் சிக்கல். இன்று ஒப்பந்தம் போட்டாலும் நாளை பலம் மாறியதும் எதிராளி அதை மீறமாட்டார் என்பதற்கு நாடுகளுக்கு மேலே எந்த நீதிமன்றமும் உத்தரவாதம் தராது. மூன்றாவது, சில பொருள்கள் பங்கிட முடியாதவை என்று கருதப்படுவது.

ஃபாக்லாந்துப் போரில் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம். கோட்பாட்டின் பலமும் அங்கே தெரிகிறது, அது எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதும் தெரிகிறது.

முதலில் தகவல். தீவுகளில் அப்போது சுமார் 1,800 பேர் வாழ்ந்தார்கள். அவர்களைக் காக்க லண்டன் எவ்வளவு தூரம் போகும் என்பது அர்ஜென்டினாவுக்குத் தெரியாது. அதற்குக் கிடைத்த அடையாளங்களோ ஒரே திசையைக் காட்டின. 1981இல் பிரிட்டனின் பாதுகாப்புச் செலவுக் குறைப்பில், அந்தக் கடலில் சுற்றிவந்த என்டூரன்ஸ் என்ற ஒரே கடற்படைக் கப்பலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தீவுவாசிகளில் பலருக்கு முழுப் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் செய்தது. பார்ப்பவருக்கு இது கைகழுவும் நாடாகத்தான் தெரியும். ராணுவ ஆட்சியின் திட்டமும் அதற்கேற்பவே இருந்தது. தீவைப் பிடிப்பது, பிறகு பேச உட்காருவது. தரையிறங்கும்போது பிரிட்டிஷ் உயிர் எதையும் எடுக்கக் கூடாது என்றே படைக்கு உத்தரவு. பேரத்தில் ஒரு நகர்வு என்று நினைத்துத்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். பதிலுக்கு ஒரு கடற்படையே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் 5 அன்று அது புறப்பட்டபோதுதான் மறைந்திருந்த தகவல் வெளிச்சத்துக்கு வந்தது.

அப்போதே திரும்பியிருக்கலாமே? கப்பல்கள் தீவுகளை அடைய வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹேக் இரண்டு தலைநகரங்களுக்கும் பறந்து பறந்து சமரசம் பேசினார். இரண்டு படைகளும் விலகுவது, இடைக்கால நிர்வாகம் ஒன்றை அமைப்பது, 1982 டிசம்பர் 31க்குள் தீவுகளின் எதிர்காலத்தைப் பேசி முடிப்பது என்பது அவருடைய யோசனை. நியாயமான திட்டம்தான். ஆனால் ஜனவரி 1 அன்று என்ன நடக்கும்? இங்கேதான் இரண்டாவது பதில் வருகிறது.

ஐ.நா. பொதுச்சபை 1965இலேயே இரு நாடுகளையும் பேசச் சொல்லியிருந்தது. 17 ஆண்டுகள் பேசியும் தீவுகளின் நிலை மாறவில்லை. படையைத் திரும்பப் பெற்றுவிட்டால் லண்டன் மறுபடியும் இழுத்தடிக்கும் என்று அர்ஜென்டினா பயந்தது; எனவே இறையாண்மை தனக்கு வரும் என்ற உறுதியை முன்கூட்டியே கேட்டது. லண்டனின் பயம் வேறு. தென் கோளத்தில் ஜூன், ஜூலை குளிர்காலம். கப்பல்களைக் கொந்தளிக்கும் கடலில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்க முடியாது. ஒருமுறை திருப்பி அனுப்பினால் மீண்டும் திரட்டுவது கடினம். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தீவில் இருப்பவருக்குச் சாதகம். இரண்டு பக்கமும் நாளைய எதிராளியை நம்ப முடியவில்லை, நம்பவைக்கவும் முடியவில்லை. ஏப்ரல் 30 அன்று அமெரிக்கா சமரசத்தைக் கைவிட்டுப் பிரிட்டன் பக்கம் சாய்ந்தது. மே 2 அன்று பெரு நாட்டு ஜனாதிபதி இன்னொரு யோசனையை முன்வைத்துக்கொண்டிருந்தார். அதே நாளில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் பேச்சுகள் நடந்தன, ஆனால் பேரத்துக்கான இடம் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

இந்த அளவுக்குக் கோட்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. பைத்தியக்காரர்களும் முட்டாள்களும் சேர்ந்து நடத்திய போர் என்று சொல்லிவிட்டு நகர அது விடுவதில்லை. ஒவ்வொரு படியிலும் இருந்தவர்கள் தங்கள் நிலையில் நின்று யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் மூன்றாவது பதிலுக்கு வரும்போது தரை கொஞ்சம் நழுவுகிறது.

இறையாண்மையைப் பங்கிட முடியாது என்பார்கள். உண்மையா? 1980இல் பிரிட்டனின் வெளியுறவுத்துறை இணை அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி ஒரு வழி வைத்திருந்தார். தீவுகளின் இறையாண்மையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டு, நீண்டகாலக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வது. கொடி அவர்களுடையது, நிர்வாகம் இவர்களுடையது. பங்கிட முடியாததைப் பங்கிடும் வழி இது. தீவுவாசிகளில் பெரும்பாலோருக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் ரிட்லியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். யோசனை செத்துப்போனது.

அப்படியானால் நிலம் தன்னளவில் பங்கிட முடியாததாக இருக்கவில்லை. அதைப் பங்கிட்டால் கோழை என்று பெயர் வாங்க நேரும் என்ற பயம்தான் அதைப் பங்கிட முடியாததாக்கியது. ஹேக் புவேனோஸ் ஐரிஸில் இருந்த ஏப்ரல் 10 அன்று ஆட்சித்தலைவர் கால்டியேரி மாளிகையின் மேல்மாடத்தில் நின்று, திரண்டிருந்த கூட்டத்தின் முன் போர் முழக்கம் செய்தார். ஃபியரன் வேறொரு கட்டுரையில் இதற்கும் விளக்கம் தருகிறார். மக்கள் முன் சபதம் செய்தவர் பின்வாங்கினால் வீட்டுக்குள்ளேயே விலை கொடுக்க வேண்டும். அதனால்தான் அவர் சபதத்தை எதிராளி நம்புவார். தன் கையைத் தானே கட்டிக்கொள்வது பேரத்தில் ஒரு உத்தி. சரி. ஆனால் பின்வாங்குவது ஏன் அவமானம், அவமானம் ஏன் இத்தனை விலை உள்ளது என்ற கேள்வியை இந்தக் கணக்கு கேட்பதில்லை. அது முன்பே எங்கேயோ தீர்மானிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. எங்கே என்பது நமக்குத் தெரியும். வீட்டில், பள்ளிக்கூடத்தில், படைமுகாமில், ஆண் என்றால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தரும் எல்லா இடங்களிலும்.

ஆனால் இந்த விமர்சனத்தோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் செய்திருப்போம். ஆண்மையின் மானம்தான் போருக்குக் காரணம் என்று மட்டும் சொன்னால், அந்தப் போரின் மறுபக்கத்தை நடத்தியவர் மார்கரெட் தாட்சர் என்ற பெண் என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரியே. நாற்காலியில் உட்காருபவர் மாறினால் கணக்கு மாறிவிடாது. கணக்கின் உள்ளே ஒரு எழுத்து மாற வேண்டும்.

அந்தப் பத்துக்குத் திரும்புவோம். போரின் செலவு ஒவ்வொரு நாட்டுக்கும் பத்து என்றோம். நாட்டுக்கு என்றால் யாருக்கு? பேச்சு மேசையில் உட்காருவது நாடல்ல. அர்ஜென்டினாவில் மேசையில் இருந்தவர்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகள் மூவர். அவர்கள் கையால் கட்டிய செலவு எவ்வளவு? போரில் இறந்த 649 அர்ஜென்டினர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே கப்பலோடு போனவர்கள். தீவில் குழிவெட்டிக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட, இருபது வயதை ஒட்டிய பையன்கள். கோரியென்டஸ், சாக்கோ போன்ற வெப்பமான வடமாகாணங்களிலிருந்து வந்து, போதிய உடையும் உணவும் இல்லாமல் பனிக்காற்றில் கிடந்தவர்கள் பலர். பசியால் உணவு திருடியதற்காகத் தங்கள் அதிகாரிகளாலேயே குளிர்ந்த தரையில் கைகால் விரித்து முளையில் கட்டப்பட்டதாகப் பின்னாளில் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஊரில் மே மாதம் தொலைக்காட்சியில் ஒரு நாள் முழுக்க நிதி திரட்டினார்கள். பெண்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள், கம்பளி பின்னிக் கொடுத்தார்கள். கொடுத்ததெல்லாம் அந்தப் பையன்களுக்குப் போய்ச் சேரவில்லை என்ற கசப்பு அந்த நாட்டில் இன்றும் உண்டு.

இப்போது கணக்கைத் திருத்திப் போடலாம். நாடு கட்டும் பத்தில் ஆட்சியாளர் தானே கட்டுவது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் போரின் மதிப்பு எழுபதில் ஒன்று போக அறுபத்தொன்பது. எதிராளி எண்பது வரை தருவார். இடைவெளி இருபதிலிருந்து பதினொன்றாகச் சுருங்கிவிட்டது, ஆனாலும் இருக்கிறது. ஆகவே ஆட்சியாளர் விலை கொடுப்பதில்லை, அதனால் போர் வருகிறது என்று நாம் மேடையில் சொல்வது அவ்வளவு சரியல்ல. விலை கொடுக்காதவர் அதிகமாகக் கேட்பார், அதிகம் பெறவும் செய்வார்; தகவல் பிழை ஒன்று நேர்ந்தால் விழுந்துபோகும் அளவுக்குப் பாதை குறுகலாகும். அவ்வளவுதான்.

இனி இன்னொன்றைச் சேருங்கள். போர் தொடங்கினாலே, வென்றாலும் தோற்றாலும், ஆட்சியாளருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு லாபம் இருக்கிறது. தெருவில் அடி வாங்கிய கூட்டம் மூன்றே நாளில் வாழ்த்த வருகிறது. காணாமல் போனவர்களைப் பற்றிய பேச்சு தேசத்துரோகமாகிறது. இந்த லாபத்தின் மதிப்பு இருபத்தைந்து என்று வைத்தால், அவருக்குப் போரின் மதிப்பு தொண்ணூற்று நான்கு. எதிராளியோ எண்பதுக்கு மேல் தரமாட்டார். இடைவெளி மறைந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, எவரும் வாக்கு மீறவில்லை, பொருளும் பங்கிடக்கூடியதுதான். இருந்தும் பேச ஒன்றுமில்லை. ஆட்சியாளரின் தனி லாபம் அவர் கட்டும் செலவையும் எதிராளியின் செலவையும் சேர்த்த தொகையைத் தாண்டும்போது இது நடக்கிறது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பலனை அனுபவித்துவிட்டுச் செலவைப் பிறர் தலையில் கட்டும் தலைவர்களுக்குப் போர் அறிவார்ந்த தேர்வாக இருக்கலாம் என்று ஃபியரனே தன் கட்டுரையின் தொடக்கத்தில் சொல்கிறார். சொல்லிவிட்டு அதை ஓரமாக வைக்கிறார். அத்தகைய தலைவர்கள் இல்லாதபோதும் ஏன் போர் வருகிறது என்பதே அவருடைய கேள்வி. 2007இல் மேத்யூ ஜாக்சன், மாசிமோ மோரெல்லி என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஓரமாக வைத்ததை எடுத்துக் கணக்காக்கினார்கள். தலைவரின் பங்கும் மக்களின் பங்கும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அவர்கள் ஒரு அளவாகவே வைத்தார்கள்.

ஓரமாக வைப்பது ஆய்வில் குற்றமல்ல. ஒன்றைப் பார்க்க மற்றதை மறைக்கத்தான் வேண்டும். ஆனால் எது மையம், எது ஓரம் என்று தீர்மானிப்பதில் ஒரு பழக்கம் இருக்கிறது. குடும்பத்தைப் பற்றிய பழைய பொருளியலையும் பெண்ணியவாதிகள் இப்படித்தான் கேள்வி கேட்டார்கள். குடும்பம் ஒரே மனம் உள்ள ஒரு ஆள் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே யார் சாப்பிட்டார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்பது தெரியாது. நாடு ஒரே ஆள் என்றாலும் அப்படியே. குடும்பத் தலைவர் என்ற சொல்லும் நாட்டின் நலன் என்ற சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அணு ஆயுத வல்லுநர்களோடு ஒரு கோடைக்காலத்தைக் கழித்த கேரல் கோன் 1987இல் எழுதியதும் இதைத் தொட்டது. அந்த மொழியைப் பேசக் கற்றுக்கொண்டபின் ஆயுதத்தின் நிலையிலிருந்து பேச முடிகிறது, எரியும் உடலின் நிலையிலிருந்து பேச முடிவதில்லை என்று அவர் கண்டார்.

மறைக்கப்படும் தகவல் என்பதையும் இங்கே நின்று மறுபடி பார்க்க வேண்டும். கோட்பாடு பேசுவது ஒரு அரசு இன்னொரு அரசிடமிருந்து மறைப்பதைப் பற்றி. தன் மக்களிடமிருந்து மறைப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அர்ஜென்டினாவில் போர் முடிந்து திரும்பிய பையன்களிடம், அங்கே நடந்ததைப் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். செலவு எவ்வளவு என்ற தகவல் மக்களுக்குப் போகாமல் இருக்கும்வரைதான் ஆட்சியாளரின் பங்கு ஒன்றாக இருக்கும். இரண்டு மறைப்புகளும் ஒரே கையின் வேலை.

இதை ஒரு மனிதனின் கதையில் பார்க்கலாம். 1977இல் ஆல்ஃப்ரெடோ ஆஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி, அண்ணனைத் தேடும் தம்பியாக நடித்து மே சதுக்கத் தாய்மார்களிடையே நுழைந்தார். அந்த டிசம்பரில் அமைப்பைத் தொடங்கியவர்களில் மூவரும், அவர்களுக்கு உதவிய இரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளும் வேறு சிலரும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆஸ்டிஸ்தான் 1982 ஏப்ரலில் தென் ஜார்ஜியாத் தீவில் ஒரு அர்ஜென்டினப் படைப்பிரிவின் தளபதி. பிரிட்டிஷ் படை வந்தபோது சண்டையிடாமல் சரணடைந்தார். அவரை விசாரிக்க வேண்டும் என்று பிரான்சும் ஸ்வீடனும் கேட்டன. பிரிட்டன் அவரைப் போர்க்கைதி என்ற முறையில் நாட்டுக்குத் திருப்பி அனுப்பியது. எதிரி அரசுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு விதி வேலை செய்தது. தாய்மார்களுக்கும் அவருக்கும் நடுவே அப்படி எந்த விதியும் இல்லை. 2011இல்தான் அர்ஜென்டின நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

தாய்மார்களைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. தாய் என்றால் சமாதானம் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. பிள்ளையைப் பெருமையோடு வழியனுப்பிய தாய்களும் அந்த நாட்டில் ஏராளம். பதாகை ஏந்தியவர்கள்கூடத் தீவுகள் தங்களுடையவை என்பதை மறுக்கவில்லை. அவர்கள் மறுத்தது வேறு. ஒரு பொருளைக் கொடுத்து இன்னொன்றை மறக்கடிக்கும் பேரத்தை அவர்கள் மறுத்தார்கள். ஆட்சியின் அந்த இருபத்தைந்தை, தங்கள் பங்குக்கு, தர மாட்டோம் என்றார்கள். போரைத் தடுக்க அது போதவில்லை. ஆனால் எந்த எண்ணை மாற்றினால் போருக்கான காரணம் மறையும் என்பதை அவர்கள் சரியாகக் கண்டிருந்தார்கள்.

ஜூன் 14 அன்று தீவிலிருந்த அர்ஜென்டினப் படை சரணடைந்தது. சில நாட்களில் கால்டியேரி பதவி இழந்தார். அடுத்த ஆண்டு தேர்தல் நடந்து, டிசம்பரில் ராணுவ ஆட்சி முடிந்தது. தோற்ற தலைவர் விலை கொடுத்தார்தானே என்று கேட்கலாம். கொடுத்தார். ஆனால் பதவியை விலையாகக் கொடுப்பதும் பிள்ளையை விலையாகக் கொடுப்பதும் ஒரே நாணயத்தில் நடப்பதில்லை. பிரிட்டன் பக்கம் 255 வீரர்கள் இறந்தார்கள். தீவுவாசிகளில் இறந்தவர்கள் மூவர். மூவரும் பெண்கள், தலைநகர் ஸ்டான்லியில் வீட்டுக்குள் இருந்தவர்கள். அவர்களைக் கொன்றது அவர்களை மீட்க வந்த பிரிட்டிஷ் கப்பலின் குண்டு. எந்தப் பேர மேசையிலும் அந்த மூவருக்கு இடமில்லை. இறையாண்மைத் தகராறோ இன்றும் அப்படியே இருக்கிறது.

தீவில் டார்வின் என்ற இடத்தில் அர்ஜென்டின வீரர்களின் இடுகாடு இருக்கிறது. பெயர் தெரியாதவர்களின் கல்லறைகளில், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டின வீரர் என்று எழுதியிருந்தார்கள். 2017இல், 35 ஆண்டுகள் கழித்து, செஞ்சிலுவைச் சங்கம் 121 கல்லறைகளைத் திறந்து எச்சங்களிலிருந்து மரபணு எடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் குடும்பங்கள் மாதிரிகள் தந்தன. கொடுத்தவர்களில் வயதான தாய்மார்கள் பலர். ஒப்பிடும் வேலையைச் செய்தது அர்ஜென்டினாவின் தடயவியல் மானிடவியல் குழு. அந்தக் குழு தோன்றியதே ராணுவ ஆட்சி காணாமல் ஆக்கியவர்களின் எலும்புகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கத்தான். 1977இல் கடத்தப்பட்ட, தாய்மார்கள் அமைப்பின் நிறுவனர் அசுசேனா வில்லாஃப்ளோரின் எச்சங்களை 2005இல் அடையாளம் கண்டவர்களும் அவர்களே.

பதாகையில் அரைப்புள்ளி ஒன்றால் இணைந்து நின்ற இரண்டு வாக்கியங்களும் கடைசியில் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. 2018 மார்ச்சில், பெயர் கிடைத்த வீரர்களின் குடும்பத்தினர் விமானத்தில் டார்வினுக்குப் போனார்கள். கல்லறைகளில் இப்போது பெயர்கள் இருந்தன. நம் கணக்கில் பத்து என்று எழுதியதன் ஒரு சிறு பகுதி அது.